வாட்டம்

அம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாவது நாள், அப்பா மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே தண்ணீர். முதல் நாள் மாலை பெய்த மழை ஓடாமல் நின்றிருந்தது. பெரிய குளம் ஒன்றும் இல்லை, ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம். என் விரலை விட்டுப் பார்த்தேன், முதல் கணு கூட நனையவில்லை. ஸ்கேலை வைத்து அளந்தபோது ஆழமான இடத்தில் 18 மில்லிமீட்டர்.

"அதுலதான் புழு இருந்துச்சு" என்றார் அப்பா.

அம்மாவுக்கு டிங்கி வந்து ஐந்து நாள் படுத்திருந்தார். தாமானில் இன்னும் நான்கு பேருக்கு வந்ததால் சுகாதாரத் துறையினர் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டுப் பூச்சாடி, வாளி, கோழிக்கூண்டு எல்லாம் சுத்தம். மாடிக்குப் போனவர்தான் டார்ச் லைட்டோடு அப்பாவைக் கூப்பிட்டார். அம்மாவைக் கடித்த கொசு இங்கே பிறந்ததா, பின்பக்க லோங்காங்கில் பிறந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அப்பா முடிவு செய்துவிட்டிருந்தார். ஏனென்றால் அந்த மாடியைக் கட்டியவர் அவர்.

நாங்கள் இருப்பது தைப்பிங். தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்கிற ஊர். ஆண்டுக்கு ஏறக்குறைய 4000 மில்லிமீட்டர். இன்று மதியம் மழை வருமா வராதா என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். இப்படிப்பட்ட ஊரில் 18 மில்லிமீட்டர் தண்ணீர் வெயிலில் காய நான்கைந்து நாள் பிடிக்கும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். அந்தத் தண்ணீர் மாதக்கணக்கில் காயவே இல்லை என்பதுதான் உண்மை.

*

எங்கள் வீடு இரண்டு மாடி வரிசை வீடு. 1996-இல் அப்பா பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டினார். அகலம் 6 மீட்டர், நீளம் 3.6 மீட்டர். மேலே கான்கிரீட் தளம். மேல்மாடி அறையிலிருந்து கதவைத் திறந்தால் அந்தத் தளத்துக்குப் போகலாம். துணி காயப்போட, சாயங்காலம் உட்கார, கார்த்திகைக்கு விளக்கு வைக்க. கொத்தனாராக இருந்த அப்பா, சனி ஞாயிறுகளில் இரண்டு நண்பர்களை வைத்துக்கொண்டு தன் கையாலேயே கட்டி முடித்தார். தளத்தின்மேல் 5 சென்டிமீட்டர் சிமெண்டுக் கலவை போட்டு, அதன்மேல் சிவப்பு ஓடு பதித்தார்.

பிறகு ஒழுகத் தொடங்கியது. அடுப்புக்கு நேர் மேலே ஈரம் படர்ந்து, பெயிண்ட் உப்பியது. அண்ணன் ஒரு கொண்ட்ராக்டரைக் கூட்டி வந்தார். அவர் ஓட்டின்மேல் பச்சை நிறத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்துவிட்டுப் போனார். இரண்டு வருடத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் மட்டும் பூச்சு உப்பி உரிந்தது. இரண்டாவது தடவை வந்தபோது குழியான இடத்தில் கொஞ்சம் சிமெண்டைக் குழைத்து மெழுகி, மேலே மறுபடி பச்சை. அந்த மெழுகல் ஆறே மாதத்தில் ஓரம் ஓரமாகப் பெயர்ந்து அப்பளம் மாதிரி வந்தது. குழியின் விளிம்பில் கலவையின் கனம் பூஜ்ஜியத்துக்கு இறங்குகிறது. காகிதம் போல் மெலிந்த சிமெண்டுக்கு எதையும் பிடித்துக்கொள்ளும் பலம் இல்லை. வெயிலில் விரியும், மழையில் சுருங்கும், கழன்றுவிடும்.

நான் ஈப்போவில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மொட்டைத் தளம் வருகிற ஒவ்வொரு படத்திலும் ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் 1:80 என்று எழுதுவேன். பதினோரு வருடமாக எழுதுகிறேன். 80 சென்டிமீட்டர் போனால் 1 சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்று அர்த்தம். அந்த அம்புக்குறியை யாரோ ஒருவர் எங்கேயோ மண்டியிட்டு, கலவையில் செய்துகொண்டிருப்பார் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று மாடியில் அப்பாவிடம் கேட்டேன். "கட்டுறப்ப எவ்வளவு வாட்டம் விட்டீங்க?"

கொத்தனார்கள் சரிவுக்குச் சொல்கிற வார்த்தை அது. வாட்டம். தண்ணி வாட்டம் விடு, வாட்டம் பத்தாது, வாட்டம் தப்பா இருக்கு. சின்ன வயதில் முகவாட்டம் என்று பள்ளியில் படித்தபோது, முகம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. "விடல பாப்பா" என்றார் கடைசியில். "மட்டமா போட்டேன். ரசமட்டம் வச்சு, நாலு பக்கமும், ஒரு நூல் பிசகாம. எல்லாரும் வந்து பாத்துட்டு, என்னா மட்டம், என்னா மட்டம்னாங்க."

அவர் ஊரில் பெயர் வாங்கியதே மட்டத்துக்குத்தான். சுவர் என்றால் தூக்குக்குண்டு, தரை என்றால் ரசமட்டம். குமிழி நட்டநடுவில் நிற்கவேண்டும். சொந்த வீட்டில் அதை விட்டுவிடுவாரா? குழாய் மூலையில் இருக்கிறது, தண்ணீர் தானாகப் போய்விடும் என்று நினைத்திருக்கிறார். மட்டமான தரையில் தண்ணீருக்குப் போகும் திசை கிடையாது என்பது ஒரு சங்கதி. இன்னொன்று, மட்டமாகப் போட்டது மட்டமாகவே இருக்காது. கான்கிரீட் தன் பாரத்தையும் தன்மேல் உள்ள பாரத்தையும் தாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வளையும். உடையாது, வெடிக்காது, நடுவில் கொஞ்சம் தொய்யும். 3.6 மீட்டர் தூரத்தைத் தாண்டி நிற்கும் தளத்தில் 18 மில்லிமீட்டர் தொய்வு என்பது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

இதை நான் விளக்கியபோது அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "முட்டுக் கம்ப ஏழாம் நாளே எடுத்துட்டேன்" என்றார். "வாடகைக் கம்பு. இன்னொரு வாரத்துக்குக் காசு இல்ல அப்ப."

அதுவும் ஒரு காரணம்தான். இளம் கான்கிரீட்டில் முட்டைச் சீக்கிரம் எடுத்தால் தொய்வு கூடும். ஆனால் ஒரு மாதம் கழித்து எடுத்திருந்தாலும் கொஞ்சம் தொய்ந்திருக்கும் என்று சொன்னேன். அவருக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை, நிஜம் அது. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"கொண்ட்ராக்டர் வேணாம்" என்றார். "நம்மளே போடுவோம்."

அப்பாவுக்கு 71 வயது. வலது மணிக்கட்டு நடுங்கும்.

*

முதலில் என் அலுவலகத்துப் பொறியியலாளர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் சமையலறையில் நின்று தளத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தார். சுத்தியலால் தட்டினார். மயிரிழை வெடிப்புகள் இருந்தன. கம்பி துருப்பிடித்துத் தெறித்த இடம் எதுவும் இல்லை. "எடுக்கிற பாரத்துக்கு மேல புதுசா ஏத்தாதீங்க" என்பது மட்டும்தான் அவர் வைத்த நிபந்தனை. அந்த ஒரு வாக்கியம்தான் மீதி எல்லாவற்றையும் தீர்மானித்தது.

வாட்டக் கலவை என்பது ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் இருக்கும் ஓர் ஆப்பு. தூரம் கூடக்கூடக் கனம் கூடும். சிமெண்டு மணல் கலவை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 2 கிலோ. மனதில் வைத்துக்கொள்ள இந்தக் கணக்குப் போதும். பழைய கலவையையும் ஓட்டையும் சேர்த்து 63 மில்லிமீட்டர் இருந்தது. அதை உடைத்து எடுத்தால், புதியது சராசரியாக அதே 63-க்குப் பக்கத்தில் வரவேண்டும்.

புதிதாகக் கட்டும் தளங்களுக்கு 1:40 என்று வரையச் சொல்வார்கள். தொய்வும் கைப்பிசகும் போக, கடைசியில் 1:80 ஆவது மிஞ்சும் என்ற கணக்கு. எங்களுக்கு அவ்வளவு கனம் கட்டாது. ஆனால் எங்கள் தளம் தொய்ந்து முடிந்த தளம். தொய்வை நாங்கள் அளக்கலாம். அளந்துவிட்டால் 1:80-ஐ நேரடியாகக் குறிவைக்கலாம், கை கவனமாக இருந்தால்.

அதைவிடக் குறைக்க முடியுமா என்று அப்பா கேட்டார். 1:200 விட்டால் கனம் மிச்சமாகுமே? அவரிடமே திருப்பிக் கேட்டேன், நல்ல கொத்தனார் தேய்த்த தரையில் 2 மீட்டர் பட்டையை வைத்தால் அடியில் எவ்வளவு இடைவெளி தெரியும்? "நாலு, அஞ்சு மில்லி" என்றார். 1:200-இல் ஒரு மீட்டருக்கு இறங்குவதே 5 மில்லிமீட்டர். ஒரு சின்னப் பள்ளம் விழுந்தால் சரிவையே விழுங்கிவிடும். 1:80-இல் ஒரு மீட்டருக்கு 12 மில்லிமீட்டருக்கு மேல் இறங்குகிறது. அதே பள்ளம் விழுந்தாலும் தண்ணீர் அதைத் தாண்டிப் போய்விடும். அந்த எண் எதற்காக இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. மனிதக் கை செய்கிற பிழையைவிடச் சரிவு பெரிதாக இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

பழைய குழாய் பின்பக்கம் இடது மூலையில் ஒன்றே ஒன்று. எதிர் மூலையிலிருந்து அது வரைக்கும் வாட்டம் விட்டால், அந்தத் தூர மூலையில் கனம் 111 மில்லிமீட்டர் வந்தது. சராசரியும் எகிறியது. எனவே பின்பக்கம் வலது மூலையிலும் ஒரு குழாய் வைப்பது என்று முடிவெடுத்தோம். மாடியை நடுவில் இரண்டாகப் பிரித்து, இடது பாதி இடது மூலைக்கு, வலது பாதி வலது மூலைக்கு. நடுவில் ஒரு மேடு. இப்போது உயரங்கள் இப்படி வந்தன: குழாய் மூலைகளில் 25 மில்லிமீட்டர். கைப்பிடிச் சுவரின் நடுவில் 50. வீட்டுச் சுவரின் இரண்டு மூலைகளிலும் 61. வீட்டுச் சுவரின் நடுவில் 86. இதன்படி தண்ணீர் ஓடும் திசையில் வாட்டம் 1:77. நடுவில் உள்ள தொய்வை நிரப்புவதையும் சேர்த்துச் சராசரிக் கனம் 64. எடுப்பது 63, போடுவது 64. பொறியியலாளர் சரி என்றார்.

25-க்குக் கீழே போகவில்லை. அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்ததை மறக்கவில்லை. மூலையில் 25 மில்லிமீட்டர் கலவை நிற்கவேண்டுமானால் குழாய் அதற்கும் கீழே இருக்கவேண்டும். பழைய குழாயின் வாய் ஓட்டின் மேல்மட்டத்தைவிட 8 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. அந்த மூலையிலேயே 8 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால்தான் முதல் சொட்டு வெளியே போகும். கான்கிரீட்டைத் தொடாமல், கைப்பிடிச் சுவரின் செங்கல்லை மட்டும் உடைத்து, இரண்டு குழாய்களையும் கலவை மட்டத்துக்கு 10 மில்லிமீட்டர் கீழே வைத்தோம்.

சுவரின் நடுவில் மூன்றாவதாக ஒரு குழாய், தளத்திலிருந்து 75 மில்லிமீட்டர் உயரத்தில். அது சும்மா இருக்கிற குழாய். மாம்பூவும் இலையும் விழுந்து இரண்டு மூலையும் அடைத்துக்கொண்டால் அதன் வழியாகத் தண்ணீர் பின்பக்கம் கொட்டும். கொட்டினால் மேலே ஏதோ அடைத்திருக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். கதவு நிலை 125-இல் இருக்கிறது. கதவடியில் புதிய தரைக்கும் நிலைக்கும் 64 தான் மிச்சம். பொதுவாக 150 வேண்டும் என்பார்கள். எங்களிடம் அது இல்லை, அதனால்தான் அந்தச் சும்மா குழாய்.

*

ஜூலையில் வேலையைத் தொடங்கினோம். தைப்பிங்கில் மழை கொஞ்சம் குறைகிற மாதங்களில் ஒன்று. ஓட்டை உடைக்கச் சின்ன மின்சார உளிதான் எடுத்தோம். பெரியதை வைத்தால் கலவையோடு தளமும் அதிரும். உடைத்ததை அன்றன்றைக்கே மூட்டை கட்டி இறக்கினோம். எதிர்வீட்டுத் தம்பி ஒருவன் முதல் நாள் வசதிக்காக மூட்டைகளை நடுவில் அடுக்கப் போனான். அப்பா கத்தினார். "நடுவுல வைக்காதடா! சொவத்தோரம், சொவத்தோரம்!" தளம் ஓரங்களில்தான் உத்தரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மணல், சிமெண்டு, எல்லாமே ஓரத்தில்தான் வைக்கப்பட்டன.

கான்கிரீட் வெளியே தெரிந்ததும் மட்டம் பார்த்தோம். அப்பா லேசர் கருவி எதையும் நம்புவதில்லை. பத்து மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு குமிழி இல்லாமல் தட்டித் தட்டி விரட்டினார். குமிழி இருந்தால் குழாய் பொய் சொல்லும். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் சுவர் சுவராகக் கொண்டு போய் வைத்தேன். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். பென்சிலால் கோடு. நான்கு சுவரிலும் தளத்திலிருந்து 300 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரே மட்டக் கோடு வந்தது.

அந்தக் கோட்டிலிருந்து கீழே தளம் வரைக்கும் ஓரம் ஓரமாக அளந்தேன். 300, 300, 301, 300, 299. சுவரோரம் முழுக்க ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசமே இல்லை. இத்தனை வருடம் கழித்து. நடுவில் கயிறு கட்டி அளந்தபோது மட்டும் 318.

"ஓரம் அப்படியே இருக்குப்பா" என்றேன். "ஒரு நூல் பிசகல."

அவர் குனிந்து பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

பழகாதவர்கள் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். இந்த இடத்தில் கனம் 60, அந்த இடத்தில் 40 என்று தளத்திலிருந்து மேலே அளந்து வைத்துக்கொண்டு போவார்கள். தளம் தொய்ந்திருந்தால் கலவையின் மேற்பரப்பும் அதே மாதிரி தொய்ந்து வரும். குழி ஒரு மாடி உயர்ந்ததுதான் மிச்சம். மட்டக் கோட்டிலிருந்து கீழே இறங்கித்தான் அளக்க வேண்டும். கீழே தளம் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் அளவுகள்: குழாய் மூலையில் கோட்டிலிருந்து 275 கீழே. கைப்பிடிச் சுவர் நடுவில் 250. வீட்டுச் சுவர் மூலையில் 239. வீட்டுச் சுவர் நடுவில் 214. ஒவ்வொன்றிலும் ஆணி அடித்து நூல் கட்டினோம்.

நூல் கட்டியதும் அப்பா ஒன்று செய்தார். இடது பாதியின் எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்காக இரண்டு நூல்களை இழுத்துக் கட்டச் சொன்னார். பெருக்கல் குறி மாதிரி. இரண்டும் நடுவில் ஒன்றையொன்று லேசாகத் தொட்டன. "தொட்டுச்சுன்னா பரப்பு முறுக்காம இருக்கு. இடைவெளி விழுந்தா எங்கயோ அளவு தப்பு." நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். 275-ம் 214-ம் 489. 250-ம் 239-ம் 489. எதிரெதிர் மூலைகளின் கூட்டல் ஒன்றாக இருந்தால் நான்கு புள்ளிகளும் ஒரே பரப்பில் இருக்கின்றன. அவர் எண்ணே இல்லாமல் அதைச் செய்துவிட்டார்.

பிறகு புள்ளி வைத்தோம். ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, உள்ளங்கை அகலத்தில் கலவைத் திட்டு, நூலைத் தொடும் உயரத்துக்கு. அது கொஞ்சம் இறுகியதும், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் பட்டையாகக் கலவை. இரண்டு பட்டைகளின்மேல் அலுமினியப் பட்டையை வைத்து அறுத்தாற்போல் இழுத்தால் நடுவில் உள்ளது தானாக அந்தச் சரிவுக்கு வந்துவிடும்.

*

கலவை ஒன்றுக்கு நாலு. சிமெண்டு ஒரு பங்கு, மணல் நாலு பங்கு. மொத்தம் 12 மூட்டை சிமெண்டு பிடித்தது. தண்ணீர்தான் விஷயம். நான் முதலில் குழைத்தது கஞ்சி மாதிரி இருந்தது. இழுக்கச் சுகமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்பா ஒரு பிடி எடுத்து அழுத்திக் காட்டினார். கை விரித்தால் உருண்டை உடையாமல் நிற்கவேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக்கூடாது. தண்ணீர் கூடிய கலவை சரிவில் நிற்காது, மெல்லக் கீழே வழிந்து வாட்டத்தைத் தின்றுவிடும். காய்ந்தபின் வெடிக்கும்.

முதல் நாள் இரவே தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, ஈரமாக விட்டிருந்தோம். காலையில் தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டு, ஒட்டுத் திரவம் கலந்த சிமெண்டுக் கூழைத் தென்னை விளக்குமாறால் தேய்த்தோம். அது காய்வதற்குள் மேலே கலவை விழவேண்டும். நான் உற்சாகத்தில் ஒரேயடியாக மூன்று மீட்டருக்குத் தேய்த்துவிட்டேன். கலவை வந்து சேர்வதற்குள் பாதி வெளுத்துக் காய்ந்துவிட்டது. அப்பா கம்பித் தூரிகையைக் கையில் கொடுத்து, காய்ந்ததை எல்லாம் சுரண்டி எடுக்கச் சொன்னார். காய்ந்த கூழ் ஒட்டாது, பிரித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தவறு ஒரு வருடம் கழித்து மேலே நடக்கும்போது 'டொப் டொப்' என்று கேட்கும்.

50 மில்லிமீட்டருக்கு மேல் கனம் வருகிற இடங்களில் இரண்டு அடுக்காகப் போட்டோம். ஒரேயடியாகக் கொட்டி மேலே தட்டினால் மேல்பாகம் இறுகும், அடியில் பொறபொறவென்று இருக்கும். கீழ் அடுக்கைக் கட்டையால் குத்தி இறுக்கி, மேலே கீறிவிட்டு, உடனே அடுத்த அடுக்கு. முதல் நாள் இடது பாதி, மறுநாள் வலது பாதி. இரண்டும் சேருகிற இணைப்பு நடுமேட்டில் வரும்படி. மேட்டிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் விலகிப் போகும். இணைப்பு வைக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

இழுப்பது என் வேலையாயிற்று. அப்பாவின் மணிக்கட்டு நடுங்கும்போது பட்டையின் ஒரு முனை குதித்துக் கோடு விழுந்தது. இரண்டு தடவை அவரே சரிசெய்தார். மூன்றாவது தடவை பட்டையை என்னிடம் நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. நான் மண்டியிட்டு இழுத்தேன். அவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, "அழுத்தாத... அதுபாட்டுக்கு வரும்... இடது கை தூக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருதரம் எழுந்து வந்து ரசமட்டத்தைக் கலவைமேல் வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றது. வாழ்நாள் முழுக்க அதை நடுவுக்குக் கொண்டுவரப் பாடுபட்ட மனிதர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றார்.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு மழை வந்தது. கன்வஸ் கட்டியிருந்தோம். அதை வீட்டுச் சுவரிலிருந்து பின்பக்கமாகச் சரித்துக் கட்டியிருந்ததால் தப்பித்தோம். அதற்கும் வாட்டம் வேண்டும்.

ஏழு நாள் பிளாஸ்டிக் விரித்து ஈரம் காத்தோம். பிறகு சுத்தியலின் கட்டைப் பிடியால் அடிக்கு ஓர் இடம் தட்டிக் கேட்டோம். எல்லா இடமும் கெட்டியான சத்தம். சுவரும் தரையும் சேர்கிற மூலைகளில் சாய்வாகக் கலவை வைத்து, அதன்மேல் வளையும் தன்மையுள்ள சிமெண்டு வகை நீர்த்தடுப்பை இரண்டு தடவை பூசினோம், சுவரிலும் ஒரு சாண் உயரம் ஏற்றி. இந்த ஊர் மழையில் கலவை முழுசாகக் காய்வதற்குக் காத்திருக்க முடியாது. பிளாஸ்டிக் போல் படலமாகும் பூச்சு வகைகளை ஈரக் கலவைமேல் அடித்தால் உள்ளே அடைபட்ட ஈரம் வெயிலில் ஆவியாகி உப்பும். சிமெண்டு வகை கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். சிவப்பு ஓடு இனி இல்லை. அந்தப் பாரத்தைத்தான் வாட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம். உடையாத நான்கு ஓடுகளை அம்மா துளசிமாடத்தின் அடியில் வைத்திருக்கிறார்.

*

முதல் பெரிய மழை ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை வந்தது. மழை நின்று அரை மணி நேரம் கழித்து மூன்று பேரும் மேலே போனோம். அம்மாவும் வந்தார், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு.

இரண்டு மூலைக் குழாய்களிலும் கடைசிச் சொட்டுகள் போய்க்கொண்டிருந்தன. தரை ஈரமாக இருந்தது, ஆனால் எங்கும் வானம் தெரியவில்லை. தண்ணீர் நின்றால் வானம் தெரியும். வலது பாதியில் மட்டும் ஓர் இடத்தில் தெரிந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. நான் இழுத்த இடம். ஸ்கேலை வைத்தேன், 3 மில்லிமீட்டர்.

அப்பா சாக்கட்டியால் அதைச் சுற்றி வட்டம் போட்டார். "கொஞ்சமா கலவை வச்சு மெழுகிடவா?" என்றார். கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். 3 மில்லிமீட்டருக்கு மெழுகினால் அது மறுபடி அப்பளம். அதை உடைத்துத் திரும்பப் போட்டால் பூச்சும் போகும். அந்தத் தண்ணீர் மறுநாள் மதியத்துக்குள் காய்ந்துவிடும். முட்டையிலிருந்து கொசு பறக்க அது போதாது. அப்படியே விட்டோம்.

அம்மா, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு, என்ன வட்டம் போடுறீங்க?" என்றார்.

இப்போதும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அப்பா மாடிக்குப் போகிறார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, மறுநாள் மதியம் ஒரு தடவை. எனக்கு ஈப்போவுக்கு வாட்ஸ்அப்பில் படம் வரும். ஈரத் தரை, வெள்ளை வட்டம், அதற்குள் கொஞ்சம் வானம். அடுத்த நாள் படத்தில் வட்டம் மட்டும் இருக்கும். கீழே ஒரு வார்த்தை எழுதியிருப்பார்: காஞ்சிருச்சு.